இரவில் சூப்பியை நிறுத்துதல்: விழிப்புகளைப் பெருக்காத வழி

மாத்தளை மாவட்டத்தில், உக்குவளையிலிருந்து மலையேறும் வீதியின் மேற்புறத்தே, ஹுனாஸ் நீர்வீழ்ச்சிக்கு அண்மையில் அமைந்திருப்பது எல்கடுவ. அங்கு அதிகாலையில் பிரட்டுக்களத்திற்குச் செல்லும் தாய்மாரிடமும், கடைவீதியைச் சூழ வாழும் முஸ்லிம் குடும்பங்களின் தாய்மாரிடமும் உரையாடினால் ஒரே விதமான முறைப்பாட்டைக் கேட்கலாம். ஒன்றரை வயதைக் கடந்த பிள்ளை பகலில் நன்றாக இருக்கின்றது, நன்றாகச் சாப்பிடுகின்றது. ஆனால் இரவில் மாத்திரம் மூன்று, நான்கு தடவைகள் எழும்பி அழுகின்றது. வாயிலிருந்து விழுந்த சூப்பியை இருளிலே தேடியெடுத்து மீண்டும் வைத்தால் மறுகணமே உறங்கிவிடுகின்றது. சூப்பியை நிறுத்திவிடலாம் என்று எண்ணினாலோ, இப்போது நான்கு தடவை எழும்பும் பிள்ளை நிறுத்தினால் பத்துத் தடவை எழும்புமே என்ற அச்சம் தடுக்கின்றது.

இந்த அச்சம் நியாயமற்றது என்று நாம் கூறமாட்டோம். 10 அடிக்கு 12 அடி அளவிலான லயன் அறையொன்றில் ஒரு பிள்ளை அழுதால் அந்த வீட்டார் மட்டுமன்றிச் சுவருக்கு அப்பாலுள்ள வீட்டாரும் விழித்துக்கொள்வர். மறுநாள் காலை கூடையுடன் செங்குத்தான மலையில் ஏற வேண்டிய பெண்ணுக்கு அந்த இரவின் உறக்கம் பெரும் பெறுமதியுடையது. ஆகவே, சூப்பியை எவ்வாறு நிறுத்துவது என்பதோடு வீட்டாரின் உறக்கத்தைக் கெடுக்காமல் எவ்வாறு நிறுத்துவது என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டியுள்ளது. இதற்கு முதலில் பிள்ளை ஏன் எழும்புகின்றது என்பதை விளங்கிக்கொள்ளல் அவசியமாகும்.

எந்தக் குழந்தையும் இரவு முழுவதும் ஒரே சீராக உறங்குவதில்லை. பெரியவர்களின் உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒரு முறை ஆழ்ந்தும் இலேசாகியும் மாறிவருவது போன்று, சிறு குழந்தையின் உறக்கமும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இலேசாகின்றது. அவ்வேளைகளில் பிள்ளை புரண்டு படுக்கும், முனகும், சிலவேளை கண்ணைத் திறந்தும் பார்க்கும். சூப்பியே இல்லாத பிள்ளைக்கும் இது நிகழ்கின்றது. தான் உறங்கத் தொடங்கியபோது சுற்றிலும் எவை இருந்தனவோ அவை அப்படியே இருந்தால் அந்தப் பிள்ளை மீண்டும் உறங்கிவிடும். வீட்டார் அதை அறியவும் மாட்டார்கள். உறங்கத் தொடங்கும்போது வாயில் சூப்பி இருந்து, நடுச்சாமத்தில் விழிக்கும்போது அது இல்லாதிருந்தால், ஏதோ குறைகின்றது என்று பிள்ளை உணர்ந்து அழுகின்றது. தலையணையில் தலை வைத்து உறங்கிய நாம், விழிக்கும்போது தலையணை நிலத்தில் கிடக்கக் கண்டால் எடுத்து வைத்துக்கொண்டுதானே மீண்டும் உறங்குகின்றோம்? நமக்குக் கை நீட்டி எடுக்கத் தெரியும். பிள்ளை அழைத்துக் கேட்கின்றது. வேறுபாடு அவ்வளவே.

இதிலிருந்து இரண்டு விடயங்கள் பெறப்படுகின்றன. முதலாவது, இரவில் எழும்புவதை நம்மால் நிறுத்த முடியாது. எழும்பிய பிள்ளை தானாக மீண்டும் உறங்கப் பழகுவதற்கே உதவ முடியும். இரண்டாவது, அந்தப் பழக்கம் உருவாகும் இடம் நடுச்சாமம் அன்று. முன்னிரவில் பிள்ளை உறக்கத்தில் வீழும் அந்தச் சில நிமிடங்களே அதற்குரிய இடமாகும். இரவின் முற்பகுதியில் உறக்கம் ஆழமானது. பிள்ளையும் பகல் முழுவதும் விளையாடிக் களைத்திருக்கும். நள்ளிரவுக்குப் பின்னரோ உறக்கம் இலேசாகி, விழிப்புகள் கூடுகின்றன. பெரும்பாலான வீடுகளில் சூப்பி கேட்கும் அழுகை இரவு ஒரு மணிக்குப் பின்னரே மிகுதியாக இருப்பதன் காரணம் இதுதான். அந்த நேரத்தில், தாயும் பிள்ளையும் களைத்திருக்கும் வேளையில், போராட்டத்தை ஆரம்பிப்பவர் தோற்பது பெரும்பாலும் நிச்சயம்.

எந்த வயதில் ஆரம்பிப்பது என்ற கேள்வி எழலாம். முதலாவது வயதுக்குள் அவசரப்பட வேண்டியதில்லை. உறக்க வேளையில் சூப்பி கொடுப்பது, காரணம் தெரியாமல் உறக்கத்திலேயே சிசு மரணிக்கும் அபாயத்தைக் குறைக்கின்றது என்று கண்டு, அமெரிக்கச் சிறுவர் மருத்துவர் சங்கம் 2005ஆம் ஆண்டு முதல் அதனைப் பரிந்துரைத்து வருகின்றது. மறுபுறத்தில், உலக சுகாதார நிறுவனமும் யுனிசெவ்வும் 1989இல் வெளியிட்ட பத்து வழிமுறைகளில் தாய்ப்பாலூட்டப்படும் சிசுவுக்குச் சூப்பி கொடுக்கலாகாது என்றிருந்தது; 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது, சூப்பியின் பயன்பாடும் அபாயங்களும் பற்றித் தாய்க்கு ஆலோசனை வழங்க வேண்டும் என மாற்றப்பட்டது. நம் ஊர்களில் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது சூப்பியை ஒளித்து வைக்கும் வழக்கம் உண்டு. அவரிடம் கேட்டால் கிடைத்திருக்கக்கூடிய ஆலோசனையும் அதனால் கிடைக்காமற் போகின்றது.

ஒரு வயதுக்குப் பின்னர் அந்த நன்மை இல்லை. நடுக்காதில் அழற்சி ஏற்படும் வாய்ப்பு, தொடர்ந்து சூப்பி பாவிக்கும் பிள்ளைகளுக்குச் சற்றுக் கூடுதலாகும். பற்களைப் பொறுத்தவரை, மேல் முன்பற்களும் கீழ் முன்பற்களும் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விழுவதே பொதுவான விளைவு. மூன்று வயதுக்கு முன்னர் நிறுத்தப்பட்டால் இந்த இடைவெளி பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். அதற்குப் பின்னரும் நீடித்தால் மேல்தாடை ஒடுங்கிக் கடைவாய்ப் பற்கள் பிசகிப் பொருந்துவது நிலைத்துவிடக்கூடும். எனவே ஒன்றரை வயதுக்கும் இரண்டரை வயதுக்கும் இடைப்பட்ட காலம் வசதியானது எனலாம். இரண்டரையைத் தாண்டிய பிள்ளையின் வாதத் திறமைக்கு முன் பெற்றோர் நிற்பது கடினம் என்பதையும் அனுபவசாலிகள் அறிவர்.

ஆரம்பிக்கும் நாளைத் தெரிவு செய்வதில் கவனம் தேவை. காய்ச்சல், மூக்கடைப்பு, காதுவலி, கடைவாய்ப் பல் முளைக்கும் வேதனை ஆகியவை இருக்கும்போது ஆரம்பிக்கலாகாது. 18 மாதத் தடுப்பூசி போட்ட சில நாட்களும் அவ்வாறானவையே. புதிய குழந்தை பிறந்த மாதமும், வீடு மாறிய வாரமும் உகந்தவை அல்ல. கோயில் திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கி நள்ளிரவு வரை ஒலிக்கும்; நோன்பு மாதத்தில் சஹருக்காக வீடே அதிகாலையில் எழும்பும். பிள்ளையின் விழிப்பு மிக இலேசாக இருக்கும் அந்த நேரத்தில் வெளிச்சமும் பாத்திரச் சத்தமும் சேர்ந்தால் எந்த முறையும் பலிக்காது. பெருநாள் கழிந்து, வீடு தன் வழமைக்குத் திரும்பிய பின்னர் ஆரம்பிப்பதே சிறந்தது. தாய்ப்பாலை மறக்கச் செய்வதையும் சூப்பியை நிறுத்துவதையும் ஒரே மாதத்தில் வைத்துக்கொள்ளவும் கூடாது. திருக்குர்ஆன் குறிப்பிடும் இரண்டு வருடப் பாலூட்டலை நிறைவு செய்யும் நோக்குடைய தாய்மார், சூப்பியை முதலில் நிறுத்திப் பாலைப் பின்னர் நிறுத்துவது பிள்ளைக்கு இலகுவாக இருக்கும்.

இனி, ஓர் எடுத்துக்காட்டை வகுத்துக்கொண்டு படிப்படியாக நோக்குவோம். எல்கடுவப் பகுதித் தோட்டமொன்றின் லயனில் வளரும் 22 மாத ஆண் பிள்ளை எனக் கொள்வோம். தந்தை மாத்தளை நகரில் கூலி வேலை. தாய் கொழுந்து பறிப்பவர். பாட்டியும் உடன் இருக்கின்றார். பகலில் பிள்ளை தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் இருக்கின்றான். இரவு 8.15க்குச் சூப்பியுடன் உறங்கி, 11 மணி, 1 மணி, 2.30, 4 மணி என நான்கு தடவை எழும்புகின்றான்.

முதல் வாரம் எதையும் மாற்றாமல் குறித்துக்கொள்ள வேண்டும். கலண்டர்த் தாளின் பின்புறம் போதும். உறங்கிய நேரம், எழும்பிய நேரங்கள், எதனால் மீண்டும் உறங்கினான் என்பவற்றை எழுதி வைத்தால் இரண்டு உண்மைகள் தெரியவரும். சில விழிப்புகளுக்குச் சூப்பி காரணமாக இராது: நனைந்த நெப்பி, விலகிய போர்வை, மலைக்குளிர் ஆகியவை காரணமாக இருக்கும். எல்கடுவ போன்ற குளிர்ப் பிரதேசத்தில் அதிகாலை நான்கு மணி விழிப்பு பல வேளைகளில் குளிரினால் ஏற்படுவது. காலுறையும் நீண்ட கையுள்ள சட்டையும் அதனைத் தீர்த்துவிடும். இன்னொன்று, இக்குறிப்பு இல்லாவிடின் பின்னர் நிலைமை தேறுகின்றதா, மோசமாகின்றதா என்று சொல்ல இயலாது. உறக்கமற்ற மூன்றாம் நாள் காலையில் எந்தத் தாய்க்கும் எல்லா இரவும் ஒன்று போலவே தோன்றும்.

இரண்டாவது வாரத்தில் பகற் பாவனை நிறுத்தப்படுகின்றது. சூப்பி படுக்கையில் மாத்திரமே என்ற விதியை வீட்டில் எல்லோரும் பின்பற்ற வேண்டும். பாட்டியிடமும் பிள்ளைக் காம்பராப் பொறுப்பாளரிடமும் இதனை முன்கூட்டியே சொல்லி இணக்கம் பெறுவது அவசியம். அழும் பிள்ளைக்கு இரங்கி, முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் இன்னொரு சூப்பியைப் பாட்டி எடுத்துக் கொடுப்பது நம் வீடுகளில் நடவாத காரியமன்று. பகல் உறக்கத்துக்குச் சூப்பியை இப்போதைக்கு அனுமதிக்கலாம்.

மூன்றாவது வாரமே உண்மையான வேலை தொடங்கும் வாரம். இரவு உணவு, பல் துலக்கல், முகம் கழுவல், மங்கலான விளக்கு, தாலாட்டு அல்லது ஒரு சிறு கதை ஆகியவை ஒவ்வொரு நாளும் ஒரே ஒழுங்கில், ஏறத்தாழ அரை மணித்தியாலத்தில் நடைபெற வேண்டும். முஸ்லிம் வீடுகளில் உறங்குமுன் ஓதும் துஆ இவ்வொழுங்கின் இறுதியில் வந்தால், அதுவே உறக்கத்தின் அறிகுறியாகப் பிள்ளைக்குப் பழகிவிடும். பால் குடிக்கும் பிள்ளையாயின் பாலை இவ்வொழுங்கின் தொடக்கத்தில், பல் துலக்கலுக்கு முன் கொடுக்க வேண்டும். அதன் பின்னர் பிள்ளை சூப்பியுடன் படுத்து, உறிஞ்சல் மெதுவாகி, கண்கள் செருகத் தொடங்கும்போது, ஆனால் முற்றாக உறங்குமுன், தாய் தன் சின்னி விரலை வாயின் ஓரத்தில் மெல்லச் செலுத்திச் சூப்பியை வெளியே எடுக்கின்றாள். பிள்ளை தேடினால் நாடியின் கீழே விரல் வைத்து உதடுகளைச் சில விநாடிகள் இலேசாகச் சேர்த்துப் பிடிக்கலாம். அழுதால் திருப்பிக் கொடுத்து, இரண்டு மூன்று நிமிடங்களின் பின் மீண்டும் எடுக்க வேண்டும். முதல் நாள் ஐந்தாறு தடவை முயல நேரிடும். நான்காம், ஐந்தாம் நாளில் இரண்டு தடவையில் முடிந்துவிடக்கூடும். நடுச்சாம விழிப்புகளில் சூப்பியைக் கொடுத்தாலும் உறங்குமுன் இதே விதமாக எடுத்துவிட வேண்டும். வாய் வெறுமையாக இருக்கும்போது உறக்கத்தில் வீழும் அனுபவம் பிள்ளைக்குச் சிறிது சிறிதாகச் சேர வேண்டும் என்பதே இவ்வாரத்தின் நோக்கம்.

சூப்பி இருந்த இடத்துக்கு வேறொன்று வருமாயின் அது பிள்ளை தானே பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். தாயின் பழைய சேலையிலிருந்து அல்லது தாவணியிலிருந்து கைக்குட்டை அளவில் வெட்டிய, ஓரம் தைத்த துணித்துண்டு மிகப் பொருத்தமானது. ஒரு வயதைக் கடந்த பிள்ளைக்கு இது ஆபத்தற்றது. கழுத்திலோ கையிலோ கட்டிவிடலாகாது. தோளில் போட்டு உலாத்துதல், ஏணையில் ஆட்டுதல், பால் போத்தல், முலையை வாயில் வைத்தல் ஆகியவற்றை மாற்றாகக் கொண்டால் என்ன நடக்கும்? சூப்பி போய்விடும், விழிப்பு போகாது. சூப்பியைத் தேடியெடுக்க ஒரு நிமிடமே சென்ற இடத்தில், நள்ளிரவில் இருபது நிமிடம் தொட்டிலாட்ட நேரிடும். சூப்பியை நிறுத்தியபின் பிள்ளை முன்னரைவிடக் கூடுதலாக எழும்புகின்றது என்று கூறும் வீடுகளை விசாரித்தால் பெரும்பாலும் இதுவே நடந்திருக்கக் காணலாம். பால் போத்தலாயின் பற்சூத்தையும் கூடவே வரும்.

நான்காவது வாரத்தில், சனிக்கிழமை இரவு, சூப்பி முற்றாக நிறுத்தப்படுகின்றது. மறுநாள் ஞாயிறு என்பதால் தாய்க்கு மலைக்குப் போகும் நிர்ப்பந்தம் இல்லை. அதனோடு சேர்ந்து இன்னொரு விடுமுறை நாளும் வருமாயின் இன்னும் நல்லது. அன்று பகலிலேயே வீட்டிலுள்ள எல்லாச் சூப்பிகளையும் அகற்றிவிட வேண்டும்; அலுமாரி உச்சியில் ஒன்றை வைத்திருந்தால் அதிகாலை மூன்று மணிக்குக் கை அங்கே போகும். அடுத்த வீட்டாரிடம், இரண்டு மூன்று நாட்களுக்கு இரவில் பிள்ளை அழக்கூடும் என்று சொல்லி வைப்பது பண்பு மாத்திரமன்றித் தந்திரமும் ஆகும். அயலார் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சத்தினாலேயே பல தாய்மார் பாதியில் விட்டுவிடுகின்றனர்.

அன்று பிள்ளையை வழமையான 8.15க்குப் பதிலாக 8.45க்குப் படுக்க வைக்கலாம். அரை மணித்தியாலம் பிந்தும்போது உறக்கத்தின் அழுத்தம் கூடுவதால் அழுகை குறையும். ஒரு வாரம் சென்றபின் நேரத்தைச் சிறிது சிறிதாக முன்னைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். தாய் அருகில் அமர்ந்தோ படுத்தோ, பிள்ளையின் நெஞ்சில் கையை அசையாமல் வைத்து, “தூங்கு கண்ணு, அம்மா பக்கத்துலதான் இருக்கேன்” என்றோ, “படுங்க மகன், உம்மா இங்கதான் இரிக்கிறன்” என்றோ ஒரே வாக்கியத்தைத் தாழ்ந்த குரலில் இடைக்கிடை சொன்னால் போதும். விளக்குப் போடுவதும், தூக்குவதும், பேச்சுக் கொடுப்பதும் வேண்டாம்.

நமது எடுத்துக்காட்டில் வரும் பிள்ளையின் இரவுகள் ஏறத்தாழ இப்படி அமையலாம். முதல் இரவு உறங்குவதற்கு முப்பது நாற்பது நிமிடங்கள். பின் நான்கு விழிப்புகள், ஒவ்வொன்றும் பத்து முதல் இருபத்தைந்து நிமிடங்கள் வரை. இரண்டாம் அல்லது மூன்றாம் இரவு முதல் இரவைக் காட்டிலும் மோசமாக இருக்கக்கூடும். இது மிக முக்கியமான இடம். எப்போதும் கிடைத்துவந்த ஒன்று கிடைக்காதபோது, கைவிடுமுன் மேலும் உரத்துக் கேட்டுப் பார்ப்பது மனித சுபாவம். இவ்வேளையில் நாற்பது நிமிட அழுகையின் பின் சூப்பியைக் கொடுத்தால், நாற்பது நிமிடம் அழுதால் கிடைக்கும் என்ற பாடத்தையே பிள்ளை கற்றுக்கொள்கின்றது. அடுத்த முறை அதற்கும் மேலாக அழும். எனவே மூன்று இரவுகளைத் தாங்க இயலாத நிலையிலுள்ள வீட்டார், ஆரம்பிக்காமல் பிற்போடுவதே நன்று. நான்காம் ஐந்தாம் இரவில் விழிப்புகள் இரண்டாகவும், அவையும் ஐந்து நிமிடத்துக்குட்பட்டனவாகவும் மாறினால் வழி சரியானது என்று கொள்ளலாம். சில பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் வரை செல்லும்.

இங்கே ஒரு சிறு நுட்பம் உண்டு. பிள்ளை முனகியவுடன் பாய்ந்து செல்லாமல் இரண்டு மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். அரைவிழிப்பில் முனகும் பிள்ளையை நாம் தொட்டு முழுவிழிப்புக்குக் கொண்டுவந்துவிடுவது அடிக்கடி நடக்கின்றது. ஒரே பாயில் உறங்கும் குடும்பங்களில் இது கடினம்தான். அங்கே தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் தந்தை படுப்பது பயனளிக்கும். முலைப்பால் வாசனை அருகில் இல்லாதபோது பிள்ளை அதனைக் கேட்பதும் குறையும். நள்ளிரவுக்குப் பிந்திய விழிப்புகளைத் தந்தையே கவனிப்பது நன்று. வேலைக்குப் போகும் ஆணின் உறக்கம் கெடுமே என்பார்க்கு, அந்தத் தாயும் காலையில் வேலைக்குத்தான் போகின்றாள் என்பதை நினைவூட்ட வேண்டியுள்ளது.

நெஞ்சில் வைத்த கையும் ஒரு பழக்கமாகிவிடாதா என்று கேட்கலாம். ஆகும். அதனால்தான் முதல் மூன்று இரவுகள் நெஞ்சில் வைத்த கையை, அடுத்த மூன்று இரவுகள் பிள்ளையின் பக்கத்தில் பாயின் மீது வைத்து, ஏழாம் இரவு முதல் குரலை மாத்திரம் கொடுத்து, பின்னர் அதனையும் குறைக்க வேண்டும்.

இவ்வாறு அழவிடுவது பிள்ளையின் மனதைப் பாதிக்குமே என்று மூத்தோர் கவலைப்படுவதுண்டு. அவுஸ்திரேலியாவில், உறக்கப் பிரச்சினையுள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு, அருகிலிருந்து மெல்ல மெல்ல விலகும் முறை உட்பட இத்தகைய முறைகள் கற்பிக்கப்பட்டு, பிள்ளைகள் ஆறு வயதை எட்டியபோது மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். 2012இல் வெளியான அம்முடிவுகளின்படி, அவர்களின் மனநலத்திலோ பெற்றோருடனான பிணைப்பிலோ எவ்விதத் தீங்கும் காணப்படவில்லை. தனியறையில் விட்டுக் கதவை மூடுவது பற்றி நாம் இங்கே பேசவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. எமது வீடுகளில் அது சாத்தியமும் அன்று.

செய்யக் கூடாத சிலவற்றைச் சொல்லாமல் விட முடியாது. சூப்பியின் நுனியை வெட்டிவிடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. வெட்டுண்ட இறப்பர் கிழிந்து துண்டாகி மூச்சுக்குழாயை அடைத்துவிடலாம். நூலில் கோத்துக் கழுத்தில் தொங்கவிடுவது உறக்கத்தில் கழுத்தை இறுக்கும். மிளகாய் தடவுதல் வாயையும் கண்ணையும் எரிக்கும். வேப்பெண்ணெய் தடவுவது இவற்றிலும் அபாயகரமானது. குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டியதனால் வாந்தி, மயக்கம், வலிப்பு, ஈரற் பாதிப்பு ஆகியவை ஏற்பட்டமை பற்றி, மலேசியாவிலும் இந்தியாவிலும் கண்ட நோயாளிகளை வைத்து மருத்துவர்கள் 1981ஆம் ஆண்டிலேயே எழுதியுள்ளனர். தடவும் அளவு சிறிதாயினும், எத்தனை துளி உள்ளே போகின்றது என்று எவரால் அளக்க முடியும்? சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கப்படும் குளோர்பெனிரமின் பாணியை உறக்கத்துக்காகக் கொடுப்பதும் அவ்வாறே தவிர்க்கப்பட வேண்டியது. அது சில பிள்ளைகளை உறங்கவிடாமல் மேலும் அமைதியற்றவர்களாக்குவதும் உண்டு. சூப்பியைத் தேனிலோ சீனியிலோ தோய்த்துக் கொடுத்துப் பழக்கியிருந்தால், முதலில் அதனை நிறுத்தி ஒரு வாரம் சென்றபின்னரே மேற்கூறியவற்றை ஆரம்பிக்க வேண்டும்.

இரண்டு வாரங்கள் சென்றும் குறிப்புத் தாளில் விழிப்புகள் குறையவில்லை எனில், காரணம் சூப்பிக்கு வெளியே இருக்கக்கூடும். வாயைத் திறந்தபடி உறங்கி, ஒவ்வோர் இரவும் குறட்டை விட்டு, இடையிடையே மூச்சுத் திணறி விழிக்கும் பிள்ளைக்கு மூக்கின் பின்புறச் சதை வீங்கியிருக்கலாம். காதைப் பிடித்து இழுத்து, படுக்க வைத்தவுடன் வீரிட்டு அழும் பிள்ளைக்குக் காதில் அழற்சி இருக்கலாம். ஆசனவாய் அரிப்பினால் இரவில் நெளியும் பிள்ளைக்குக் கீரிப்பூச்சி இருக்கலாம். இவற்றைக் கிளினிக்கில் வைத்தியரிடம் காட்ட வேண்டும். பகல் உறக்கம் மாலை நான்கு மணிக்கும் அப்பால் நீடிக்கின்றதா என்பதையும் பிள்ளைக் காம்பராவில் விசாரிப்பது நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி ஒன்று முதல் இரண்டு வயது வரையான பிள்ளைக்குப் பகலையும் சேர்த்து 11 முதல் 14 மணித்தியால உறக்கம் போதுமானது. பகலில் மூன்று மணித்தியாலம் உறங்கியவனிடம் இரவில் பன்னிரண்டை எதிர்பார்க்க இயலாது.

பகல் உறக்கத்துக்கான சூப்பியை, இரவுகள் ஒரு வாரம் அமைதியாகக் கழிந்தபின் நிறுத்தலாம். பகலில் உறக்கத்தின் அழுத்தம் குறைவு என்பதால் பிள்ளை சில நாட்கள் உறங்காமலே இருக்கக்கூடும்; அந்நாட்களில் இரவில் அரை மணித்தியாலம் முந்திப் படுக்க வைத்தால் போதும். பின்னொரு நாள் காய்ச்சல் கண்டு, உறவினர் வீட்டிலோ ஆஸ்பத்திரியிலோ யாராவது புதிய சூப்பியொன்றை வாங்கிக் கொடுத்துவிட்டால், காய்ச்சல் தணிந்து மூன்று நாட்கள் சென்றபின், சனிக்கிழமை இரவிலிருந்து மீண்டும் தொடங்கலாம். இம்முறை பெரும்பாலும் இரண்டு இரவுகளே செல்லும்.